பயணத் திட்டத்தில் 🛏️ போட்டால் லாட்ஜா, ரயில் பெர்த்தா?

தேரடி வீதி · ஜனவரி 10, இரவு 9.15

குடும்பத்தோடு கும்பகோணம், சிதம்பரம் போகிறோம். எட்டுப் பேர். 23 வெள்ளி இரவு எழும்பூரில் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறி, 26 திங்கள் காலையில் திரும்புகிறோம். டிக்கெட் எல்லாம் நவம்பரிலேயே எடுத்தாகிவிட்டது. தம்பிதான் திட்டம் எழுதிக் குடும்பக் குழுவில் போட்டான். நீளமாக எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள் என்று நான்கே படங்களை வைத்துச் சுருக்கினான். இதோ:

23 வெள்ளி
📍 எழும்பூர்
🚆
🛏️
24 சனி
📍 கும்பகோணம்
🍽️
📍 ஆதிகும்பேஸ்வரர், சாரங்கபாணி
🍽️ 🛏️
📍 தாராசுரம்
🍽️ 🛏️
25 ஞாயிறு
📍 சுவாமிமலை
🍽️
📍 சிதம்பரம்
🍽️ 🛏️
🚆
26 திங்கள்
📍 சென்னை

பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் போட்ட ஒரு மணி நேரத்துக்குள் சித்தி "சிதம்பரத்தில் எந்த லாட்ஜ்?" என்று கேட்டார். ஞாயிறு இரவு லாட்ஜே கிடையாது, அது ரயில் பெர்த். எண்ணூர் அத்தை "முதல் 🚆 நம்ம லோக்கலா?" என்றார். பெரியப்பா 📍-ஐத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு "மேப் வரலியேம்மா" என்று போன் செய்தார். படம் போட்டால் தெளிவு வரும் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நான்கு படத்திலேயே எட்டுப் பேரும் எட்டு விதமாகப் படித்தால் என்ன செய்வது? இப்படித் திட்டம் போட்டுப் பழகியவர்கள் எப்படிப் போடுகிறீர்கள்?

காசிமேடு காற்று · ஜனவரி 10, இரவு 9.40

படத்தையே தூக்கிப் போடுங்க. எங்க வீட்ல ஒரே ஒரு வரி: "சாயங்காலம் கிளம்பணும், பையை எடு." அவ்வளவுதான், எல்லாரும் வந்து சேர்ந்துடுவாங்க.

வியாசர்பாடி ஜீவா பக்கம் · ஜனவரி 10, இரவு 10.05

எழும்பூரிலிருந்து திருச்செந்தூருக்கு நேர் வண்டி உண்டு. குடும்பத்தோடு போக அது சௌகரியம். கும்பகோணத்துக்கு அப்புறம் அங்கேயும் போய்விட்டு வாங்களேன்.

தேரடி வீதி · ஜனவரி 10, இரவு 10.20

ஐயா, எந்த ஊருக்குப் போவது என்பது முடிவாகிவிட்டது. போகிறதை எப்படி எழுதுவது என்றுதான் கேட்கிறேன்.

பேசின்பிரிட்ஜ் பெரியவர் · ஜனவரி 11, காலை 6.50

முன்பதிவு கவுன்டரில் பல வருஷம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இரவு ரயில் இருக்கும் எந்தத் திட்டத்திலும் தூக்கம் இரண்டு வகை. ஒன்று, நகர்ந்துகொண்டே தூங்குவது. இன்னொன்று, ஓர் இடத்தில் தங்கித் தூங்குவது. முதலாவதற்கு டிக்கெட்டிலேயே இடம் உண்டு. இரண்டாவதற்குத் தனியாகப் பணம் கட்டி அறை எடுக்க வேண்டும். ஒரே கட்டில் படத்தை இரண்டுக்கும் போட்டால் படிக்கிறவர் தனக்குப் பழகிய பொருளைத்தான் எடுத்துக்கொள்வார். உங்கள் சித்தி ரயிலில் அதிகம் போகாதவராக இருப்பார். கட்டில் என்றதும் அவருக்கு லாட்ஜ் தோன்றியது நியாயம்தான்.

அதனால் 🛏️ என்பதை அறைக்கு மட்டும் வையுங்கள். ரயிலில் தூங்குவதைத் தனி வரியாக்காமல் 🚆 வரிக்குள்ளேயே பெட்டி, பெர்த் எண்ணாக எழுதுங்கள். பெர்த் எண் இருந்தால் "இது ரயில் தூக்கம்" என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எட்டுப் பேருக்கும் ஒரே அடைப்பில் இடம் கிடைத்ததா?

தேரடி வீதி · ஜனவரி 11, காலை 7.30

கிடைத்தது சார். போகும்போது S5-ல் 17 முதல் 24 வரை. திரும்பும்போது இரண்டு அடைப்பாகப் பிரிந்திருக்கிறது.

பேசின்பிரிட்ஜ் பெரியவர் · ஜனவரி 11, காலை 7.45

அருமை. 17-ம் 20-ம் கீழ் பெர்த். 18, 21 நடு. 19, 22 மேல். 23 பக்கவாட்டுக் கீழ், 24 பக்கவாட்டு மேல். ஸ்லீப்பரில் ஒவ்வொரு எட்டுக்கும் இதே வரிசைதான். யார் எதில் என்பதை இப்போதே பெயரோடு எழுதிவிடுங்கள். ஏறின பிறகு, இரவு பத்தரைக்குப் பத்துப் பையை நடைபாதையில் வைத்துக்கொண்டு "நீ கீழே படு, நான் மேலே போறேன்" என்று பேசினால் பெட்டியே எழுந்துவிடும்.

தேரடி வீதி · ஜனவரி 11, பகல் 1.10

மதியம் தம்பியோடு உட்கார்ந்து பெர்த் பிரித்தோம். அம்மாவுக்கு முட்டிவலி, அவருக்கு 17. அத்தைக்கு 20. பெரியப்பாவுக்குப் பார்வை மங்கல், அவருக்கு 23, நடைபாதையை ஒட்டி இருப்பதால் ஏறி இறங்க வேண்டாம். அப்பா நடு பெர்த் போதும் என்கிறார். அவருக்குச் சர்க்கரை, இரவில் எழுந்திருப்பார், அதனால் எனக்குச் சம்மதமில்லை. அத்தைக்கும் அப்பாவுக்கும் மாற்றிப் போடலாமா என்று பார்க்கிறேன். அத்தையிடம் யார் சொல்வது என்பது தனிக் கேள்வி.

இதை எழுதும்போது ஒன்று கவனித்தேன். தம்பியின் முதல் திட்டத்தில் 🚆-க்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. வண்டிப் பெயர், பெட்டி, எங்கே ஏற வேண்டும், எதுவும் இல்லை. அந்தப் படம் "ரயில்" என்று மட்டும்தான் சொல்கிறது. அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தெரியாத விஷயம் ஒன்றையும் அது சொல்லவில்லை.

மூலக்கொத்தளம் · ஜனவரி 11, பகல் 3.25

என் அனுபவம் வேறு. அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. போனே செய்தியை வாசித்துக் காட்டும்படி வைத்திருக்கிறோம். அது படத்தையும் விடாமல் பெயர் சொல்லி வாசிக்கும். வரிக்கு இரண்டு படம் போட்டால், ஊர்ப் பெயர் வருவதற்குள் அம்மா "போதும், நீயே சொல்லு" என்று போனைக் கவிழ்த்துவிடுவார். உங்கள் பெரியப்பாவும் அப்படிக் கேட்பவரா? கேட்பவராக இருந்தால் படத்தை வரியின் கடைசியில் போடுங்கள். முதலில் சேதி, அப்புறம் படம்.

தேரடி வீதி · ஜனவரி 11, பகல் 3.50

பெரியப்பா சில சமயம் அப்படிக் கேட்பார், சில சமயம் எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பார். ஆனால் படம் கடைசியில் போனால் மற்ற ஏழு பேருக்குப் பயனில்லையே. மேலிருந்து கீழே கண்ணை ஓட்டி "சாப்பாடு எப்போ" என்று தேடுவதற்குத்தானே படமே. அது இடது ஓரத்தில் ஒரே நேர்கோட்டில் இருந்தால்தான் கண்ணுக்கு அகப்படும். இதற்கு என்ன வழி என்று யோசிக்க வேண்டும்.

எழுத்துருப் பித்தன் · ஜனவரி 11, இரவு 11.30

இங்கே யாரும் கேட்காத ஒரு விஷயம். உங்கள் தம்பி திட்டத்தை முதலில் வேறு எங்காவது எழுதிவிட்டு வாட்ஸ்அப்பில் ஒட்டினாரா? உங்கள் வீட்டில் யாருக்காவது கட்டிலும் தட்டும் மட்டும் கறுப்புக் கோட்டுப் படமாகத் தெரிகிறதா?

தேரடி வீதி · ஜனவரி 12, காலை 8.00

ஆமாம்! சித்தப்பாவின் பழைய போனில் 📍-ம் 🚆-ம் கலரில் வருகின்றன. கட்டில் கறுப்பாக, குச்சி குச்சியாக இருக்கிறது. தட்டு வெறும் கட்டமாகத் தெரிகிறது. தம்பி குறிப்பேட்டுச் செயலியில் எழுதித்தான் ஒட்டினான். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

எழுத்துருப் பித்தன் · ஜனவரி 12, இரவு 10.40

நான்கு படமும் ஒரே குடும்பம் போலத் தெரிந்தாலும் பிறப்பு வேறு. 📍-ம் 🚆-ம் 2010-ல் யூனிகோடு 6.0-வில் வந்தவை, கலர்ப் படமாகவே காட்ட வேண்டும் என்று குறிக்கப்பட்டவை. தட்டும் கட்டிலும் 2014-ல் 7.0-வில் சாதாரண எழுத்துக் குறிகளாக நுழைந்தவை. அவற்றைக் கலரில் காட்டச் சொல்ல, பின்னால் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு குறி ஒட்ட வேண்டும். அதாவது இப்படி:

```
📍  U+1F4CD
🚆  U+1F686
🍽️  U+1F37D U+FE0F
🛏️  U+1F6CF U+FE0F
```

போன் விசைப்பலகையில் கட்டிலைத் தட்டினால் இரண்டும் சேர்ந்தே வரும். சில செயலிகள் ஒட்டும்போது அந்த FE0F-ஐ உதிர்த்துவிடும். அப்புறம் பெறுகிற போன் அதைக் கலராகக் காட்டினாலும் சரி, கறுப்பாகக் காட்டினாலும் சரி, இரண்டும் விதிக்கு உட்பட்டதே. வெறும் கட்டம் வந்தால் கதை வேறு. அந்தப் போனின் எழுத்துருவில் அந்தப் படமே இல்லை, அது பழைய போன் என்று அர்த்தம்.

மருந்து எளிது. தட்டுக்குப் பதில் 🍛 போடுங்கள். அது 2010-ஆம் ஆண்டுக்காரன், கூட ஒட்டும் குறி தேவையில்லை, சோறும் குழம்பும் நம்ம ஆளுக்குச் சட்டென்று புரியும். கட்டிலுக்குப் பதில் 🏨 போடலாம், அதுவும் 2010.

காசிமேடு காற்று · ஜனவரி 12, இரவு 10.55

ரயில் பெர்த்துக்கு ஆள் படுத்திருக்கிற 🛌, லாட்ஜுக்கு வெறும் கட்டில் 🛏️. முடிஞ்சுது வேலை. இதுக்கா இவ்வளவு பேச்சு?

எழுத்துருப் பித்தன் · ஜனவரி 12, இரவு 11.05

செய்தி எழுத்தின் அளவில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் அண்ணே. ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரிய மூக்குக்கண்ணாடி வேண்டும். 🛌-ம் 2014-தான், பழைய போனில் அதுவும் கட்டம்தான்.

தேரடி வீதி · ஜனவரி 13, காலை 6.40

🏨 பிடித்திருக்கிறது. பெரியவர் சொன்னதும் இதுவும் ஒன்றாகச் சேர்கின்றன. கட்டில் படத்தை ரயிலிலும் வைக்கத் தோன்றும், கட்டடத்தை யாரும் ரயிலில் வைக்க மாட்டார்கள். படத்தை மாற்றியதிலேயே குழப்பத்துக்கு வழி அடைபடுகிறது.

அத்தையின் 🚆 விஷயத்துக்கு வருகிறேன். வடசென்னையில் ரயில் என்றால் மூன்று. எண்ணூர் லோக்கல், மெட்ரோ, வெளியூர் வண்டி. அத்தைக்கு ரயில் என்றாலே கும்மிடிப்பூண்டி லைன். அதில் ஏறி மூர்மார்க்கெட்டில் இறங்கி, பார்க் ஸ்டேஷனுக்கு ரோட்டைத் தாண்டி, அங்கிருந்து ஒரு ஸ்டேஷன் எழும்பூர். இளவயதில் அவர் இப்படித்தான் போவார். ராத்திரியில் பையோடு அந்த ரோட்டைத் தாண்ட விட எனக்கு மனசில்லை. நான் சொன்னது: எண்ணூரில் லோக்கல் ஏறி விம்கோ நகரில் இறங்கினால் பக்கத்திலேயே மெட்ரோ. அதே மெட்ரோவில் நாங்கள் தேரடியில் ஏறிக்கொள்வோம். சென்ட்ரலில் பச்சை லைனுக்கு மாறினால் அடுத்த நிலையம் எழும்பூர். லிஃப்ட் இருக்கிறது, அம்மாவின் முட்டிக்கும் அதுதான் நல்லது.

ஆகையால் 🚆 வெளியூர் வண்டிக்கு மட்டும். மெட்ரோவுக்கு 🚇. லோக்கலைப் படமே இல்லாமல் எழுத்தில் எழுதுகிறேன், அது அத்தை ஒருவருக்குத்தானே.

கொருக்குப்பேட்டை ராணி · ஜனவரி 13, பகல் 12.15

அக்கா, லாட்ஜ் சனிக்கிழமை எத்தனை மணிக்குத் திறந்துவிடுவார்கள்? உழவன் கும்பகோணத்தில் விடியற்காலை நாலரை வாக்கிலேயே இறக்கிவிடுமே. நாங்கள் போன வருஷம் போனபோது செக்-இன் 12 மணி என்று சொல்லி வரவேற்பறையில் உட்கார வைத்துவிட்டார்கள். குளிக்காமல் கோயிலுக்குள் போக மாமியார் சம்மதிக்கவில்லை. கடைசியில் நிலையத்துக்குத் திரும்பி வந்து காத்திருப்பு அறையில் வரிசையில் நின்று குளித்தோம்.

தேரடி வீதி · ஜனவரி 13, இரவு 9.30

ராணி கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தம்பி திட்டத்தில் சனி மதியம் ஒரு 🛏️, இரவு ஒரு 🛏️. இரண்டும் ஒரே லாட்ஜ். விடியற்காலையில் எதுவும் இல்லை. எட்டுப் பேர் நாலரையிலிருந்து மதியம்வரை எங்கே இருப்பார்கள் என்று அந்தப் படத்தில் தெரியவே இல்லை. அதில் எப்போதிலிருந்து, எப்போதுவரை என்ற இரண்டும் இல்லாததுதான் காரணம்.

இன்று இரண்டு லாட்ஜுக்குப் போன் செய்தேன். ஒன்றில் 24 மணி நேரக் கணக்கு. சனி விடியற்காலை 5-க்குப் போனால் ஞாயிறு விடியற்காலை 5-க்குக் காலி செய்ய வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஞாயிறு 5 மணிக்கு அம்மாவையும் பெரியப்பாவையும் எழுப்பிப் பையோடு வெளியே நிற்க முடியாது. மேற்கொண்டு இருந்தால் இன்னொரு நாள் வாடகை. மற்றதில் 12-க்கு 12 கணக்கு. சனி பகல் 12 முதல் ஞாயிறு பகல் 12 வரை. ஞாயிறு காலை சுவாமிமலை போய்விட்டு வந்து, சாப்பிட்டுக் காலி செய்ய அது சரியாகப் பொருந்துகிறது. விடியற்காலைதான் இடிக்கிறது.

தீர்வும் போனிலேயே கிடைத்தது. மொத்தம் நான்கு அறை. ஒன்றை மட்டும் விடியற்காலை 5-க்கே கேட்டேன், அதற்குத் தனியாக அரை நாள் வாடகை. எட்டுப் பேரும் அதில் முறை வைத்துக் குளித்து உடை மாற்றி, பையை அங்கேயே வைத்துவிட்டுக் கிளம்பலாம். மற்ற மூன்றும் 12-க்கு. அப்பா "எதுக்கு வீண் செலவு" என்றார். எட்டுப் பேருக்குப் பங்கு போட்டுக் காட்டினேன், அப்புறம் பேசவில்லை.

பேசின்பிரிட்ஜ் பெரியவர் · ஜனவரி 14, காலை 7.10

நல்ல யோசனை. சில நிலையங்களில் ரயில்வே ஓய்வறை உண்டு, பி.என்.ஆர். எண்ணை வைத்து முன்பதிவு செய்யலாம். ஆனால் நீண்ட விடுமுறையில், அதுவும் எட்டுப் பேருக்கு, அதை நம்பிப் போகாதீர்கள்.

இன்னொன்று. ஞாயிறு இரவு சிதம்பரத்தில் வண்டி எத்தனை மணிக்கு?

தேரடி வீதி · ஜனவரி 14, காலை 7.25

நள்ளிரவு தாண்டி 20 நிமிஷம்.

காசிமேடு காற்று · ஜனவரி 14, காலை 7.40

அப்போ டிக்கெட்ல 25-ஆம் தேதிதான் இருக்கணும். வண்டி கிளம்புற ஊர்ல என்ன தேதியோ அதுதான் டிக்கெட் தேதி. 26-னு இருந்தா தப்பா எடுத்துட்டீங்க, போய் மாத்துங்க.

பேசின்பிரிட்ஜ் பெரியவர் · ஜனவரி 14, காலை 8.30

தம்பி, அவர்களைப் பயமுறுத்தாதீர்கள். நீங்கள் சொல்வதில் பாதி சரி. வண்டிக்கு அது கிளம்பிய ஊரின் தேதி ஒன்று உண்டு, அது 25. ஆனால் பயணியின் டிக்கெட்டில் இருப்பது அவர் ஏறும் நிலையத்தில் வண்டி புறப்படும் தேதி. சிதம்பரத்தில் 00.20 என்றால் 26 என்று இருப்பதே சரி. கிளம்பிய தேதி தேவைப்படுவது வண்டி எங்கே வருகிறது என்று பார்க்கும்போது. அங்கே 25-ஐத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

என் கவுன்டரில் அதிகம் பேர் அழுதது இந்த ஒரு விஷயத்துக்குத்தான். "ஞாயிறு ராத்திரி 12.20" என்று வீட்டில் பேசிக்கொண்டு 25-ஆம் தேதிக்கு டிக்கெட் எடுப்பார்கள். அந்த வண்டி சனி இரவு முடிந்ததுமே போயிருக்கும். ஞாயிறு இரவு நடைமேடையில் பையோடு நிற்கும்போதுதான் தெரியவரும். நேற்று போன வண்டிக்கு ஒன்றும் செய்ய முடியாது.

தேரடி வீதி · ஜனவரி 14, காலை 9.00

டிக்கெட்டைப் பார்த்தேன். 26 என்றுதான் இருக்கிறது. சரியாக இருக்கிறது.

ஆனால் திட்டத்தில் இதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது? 26 திங்கள் என்ற தலைப்பின் கீழ் முதல் வரியாகப் போட்டால், ஞாயிறு பக்கம் மட்டும் பார்க்கிறவர்கள் சாப்பிட்டுவிட்டு லாட்ஜைத் தேடுவார்கள். ஞாயிறின் கீழ் போட்டால் டிக்கெட்டில் இருக்கும் தேதியோடு ஒத்துப்போகாது. சித்தப்பா கட்டாயம் கேட்பார். ஞாயிறின் கீழேயே வைத்து, வரிக்குள் இரண்டையும் எழுதலாம் என்று நினைக்கிறேன்: "ஞாயிறு ராத்திரி முடிந்து 00.20, டிக்கெட்டில் 26." ஆட்கள் தூங்கி எழுந்தால்தான் அடுத்த நாள். ரயில்வேக்கு மட்டும்தான் 12 மணிக்கு நாள் மாறுகிறது.

தேரடி வீதி · ஜனவரி 17, இரவு 8.20

பொங்கல் முடிந்தது. இன்று காணும் பொங்கலுக்கு எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். அதனால் புதுத் திட்டத்தை அவர்கள் முன்னாலேயே எழுதிக் குழுவில் போட்டோம். முழுதும் போட்டால் நீளும், வெள்ளியும் சனியும் மட்டும்:

*திட்டம் 3 · ஜன 17 இரவு*
*23 வெள்ளி*
🍛 வீட்டில் 7.30-க்குள். கையில் தண்ணீரும் பிஸ்கெட்டும்
🚇 தேரடி 8.15. அத்தை விம்கோவில் ஏறுவார்
📍 9.15 எழும்பூர், காந்தி இர்வின் சாலை வாசல்
🚆 உழவன் · S5 · 17 முதல் 24 · 24 சனி விடியற்காலை கும்பகோணம்
*24 சனி*
🏨 5.00 ஒரே அறை, குளியலும் பையும்
🍛 7.30 காலை உணவு, அப்பா மாத்திரை
📍 8.30 ஆதிகும்பேஸ்வரர், சாரங்கபாணி
🍛 12.00
🏨 நான்கு அறை, சனி 12 முதல் ஞாயிறு 12 வரை
📍 4.30 தாராசுரம், ஆட்டோ
🍛 8.00

எழும்பூருக்கு முன்வாசல் காந்தி இர்வின் சாலையில், பின்வாசல் பூந்தமல்லி நெடுஞ்சாலையில். அதனால் 📍 எழும்பூர் என்று மட்டும் எழுதினால் நான்கு பேர் அந்தப் பக்கம், நான்கு பேர் இந்தப் பக்கம் நிற்பார்கள்.

எழுதும்போது 🍛 வரிதான் அதிகம் வளர்ந்தது. நான் எதிர்பார்க்கவில்லை. அப்பாவுக்கு நேரம் தவறக் கூடாது. அத்தை வெள்ளிக்கிழமை வெளியில் சாப்பிட மாட்டார். "சாப்பாடு" என்று படம் போட்டால் போதாது. யார் கொண்டுவருவது, எத்தனை மணிக்கு, உட்கார்ந்தா ஓடிக்கொண்டேவா, மூன்றும் வேண்டும். கோயில்கள் பன்னிரண்டு மணிவாக்கில் நடை சாத்தி நாலு மணிக்குமேல் திறப்பதால், 📍 எல்லாம் காலையிலும் மாலையிலும் வந்து, நடுவில் 🍛-ம் 🏨-ம் தானாக விழுந்துவிட்டன. அந்த இடைவெளியில் அம்மா காலை நீட்டிப் படுக்கலாம்.

📍 தட்டினால் மேப் வராது, அது வெறும் படம். எழும்பூர் வாசல், லாட்ஜ் இரண்டுக்கும் இடக்குறியைத் தனித்தனிச் செய்தியாக அனுப்பினேன். திட்டத்துக்குள்ளேயே எல்லா இணைப்பையும் போட்டுப் பார்த்தோம். நீளமான ஆங்கில எழுத்து நடுவில் வந்து வரிகளைத் தின்றுவிட்டது.

மூலக்கொத்தளம் · ஜனவரி 17, இரவு 9.05

பெரியப்பாவுக்கு?

தேரடி வீதி · ஜனவரி 17, இரவு 9.30

அவருக்குத் தனியாகக் குரல் செய்தி. தம்பி நாள் ஒன்றுக்கு ஒன்று என்று பேசி அனுப்பினான். படம் இடது ஓரத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் மனசுக்குச் சரியாகப் படவில்லை. குழுவில் எல்லோரும் ஒன்றைப் பார்க்கிறார்கள், அவர் மட்டும் வேறொன்றைக் கேட்கிறார். நேரம் மாறினால் இரண்டு இடத்தில் மாற்ற வேண்டும்.

மூலக்கொத்தளம் · ஜனவரி 17, இரவு 9.50

எங்கள் வீட்டிலும் இதே சண்டைதான். மாற்றியதைக் குரலில் சொல்ல மறந்துவிடுவோம்.

எழுத்துருப் பித்தன் · ஜனவரி 18, காலை 12.20

திட்டம் 3 என்று எண் போட்டது நல்லது. அனுப்பிய செய்தியை வாட்ஸ்அப்பில் 15 நிமிஷத்துக்குள்தான் திருத்த முடியும். அதற்கப்புறம் புதிதாகத்தான் போட வேண்டும், பழையதும் மேலே அப்படியே இருக்கும். யாராவது பழையதை நட்சத்திரமிட்டு வைத்திருந்தால் அதைத்தான் பார்ப்பார்கள். புதியதைக் குழுவின் மேலே பின் செய்யுங்கள். 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று கேட்கும். 7 நாள் போட்டால் 25-ஆம் தேதி சிதம்பரத்தில் இருக்கும்போதே இறங்கிவிடும். 30 நாள் போடுங்கள்.

பேசின்பிரிட்ஜ் பெரியவர் · ஜனவரி 19, காலை 6.30

எழும்பூரில் சீரமைப்பு வேலை நடப்பதால் சில வண்டிகளைத் தாம்பரத்திலிருந்து கிளப்பியிருக்கிறார்கள். உங்கள் வண்டிக்கு அப்படி இருந்தால் போனுக்குக் குறுஞ்செய்தி வரும். டிக்கெட் எடுத்தபோது யார் எண் கொடுத்தீர்களோ அவர் பார்க்க வேண்டும். வெள்ளி மதியம் ஒருமுறை பார்த்துவிட்டு, மாறவில்லை என்றால் "மாறவில்லை" என்றும் குழுவில் போடுங்கள். ஒன்றும் போடாமல் இருந்தால் ஆளுக்கு ஒரு கதை கிளம்பும்.

26 காலைக்கு இன்னொன்று. அன்று குடியரசு தினம். லோக்கல் ஞாயிறு அட்டவணையில் ஓடும். அத்தை எண்ணூர் போக வண்டிக்கு நடுவே இடைவெளி அதிகம் இருக்கும். அதையும் எழுதுங்கள்.

தேரடி வீதி · ஜனவரி 19, காலை 7.00

எழுதிவிட்டேன் சார். அத்தை எங்களோடு தேரடிக்கே வந்து, காபி குடித்துவிட்டுப் போகட்டும் என்று அம்மா சொல்லிவிட்டார்.

தேரடி வீதி · ஜனவரி 27, இரவு 10.10

போய் வந்தோம். யாரும் தொலையவில்லை. சித்தி ஞாயிறு இரவு லாட்ஜ் கேட்கவில்லை. 🏨 வரி ஞாயிறு 12-வரை என்று இருந்ததால் அதற்குப் பிறகு அறை இல்லை என்று அவரே மற்றவர்களுக்குச் சொன்னார்.

சிதம்பரம் நடைமேடையில் மட்டும் ஒரு கலவரம். பன்னிரண்டு தாண்டியதும் சித்தப்பா வண்டி எங்கே என்று போனில் பார்த்தார். 26 என்று தேர்ந்தெடுத்தார், "வண்டி இன்னும் கிளம்பவில்லை" என்று வந்தது. அத்தை கையில் இருந்த பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். தம்பி அந்தப் போனை வாங்கி 25-ஐத் தேர்ந்தெடுத்தான். வண்டி இரண்டு நிலையம் தள்ளி வந்துகொண்டிருந்தது. டிக்கெட் தேதியை வரியில் எழுதினோம், பார்க்க வேண்டிய தேதியை எழுதவில்லை. அடுத்த முறை 🚆 வரியில் அதுவும் சேரும்.

பெரியப்பா குரல் செய்தியைச் சனிக்கிழமை மட்டும் கேட்டாராம். ஞாயிறு முழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டு "அடுத்து என்ன" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அவருக்கு எப்படி எழுதுவது என்று இன்னும் பிடிபடவில்லை.

வியாசர்பாடி ஜீவா பக்கம் · ஜனவரி 28, காலை 9.00

நல்லபடி முடிந்ததில் சந்தோஷம். நாங்கள் மாசி மாதம் திருச்செந்தூர் போகிறோம், பன்னிரண்டு பேர். இந்தத் திட்டம் 3-ஐ முழுதாகப் போட முடியுமா? ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொள்கிறேன்.

தேரடி வீதி · ஜனவரி 28, இரவு 8.45

இன்று இரவே போடுகிறேன் ஐயா. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. லாட்ஜில் 24 மணிக் கணக்கா, 12-க்கு 12-ஆ என்று முதலில் கேளுங்கள். பன்னிரண்டு பேர் என்றால் பெர்த் ஒரே அடைப்பில் வராது, யார் எந்தப் பெட்டி என்று பெயரோடு எழுதுங்கள்.

காசிமேடு காற்று · ஜனவரி 28, இரவு 9.00

எனக்கும் அனுப்புங்க அக்கா. வீட்ல சொல்லிட்டேன், இனிமே "பையை எடு"-வுக்குக் கீழ 🍛 ஒண்ணு வேணுமாம்.